பதினோரு வினாடி

முத்துகிருஷ்ணனை வெட்டிய அரிவாள் இளநீர் வண்டியில் கிடந்தது. யாரும் அதை வீட்டிலிருந்து கொண்டு வரவில்லை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாலை நாலரை மணிக்கு, வண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அது தேங்காய் மட்டைகளுக்கு மேல் கிடந்தது.

முத்துவுக்குப் பதினேழு வயது. வெட்டிய சந்தோஷுக்குப் பதினாறு வயது ஏழு மாதம். இருவரும் ஒரே பள்ளி, ஒரே பஸ். நான்கு நாள் முன்னால் ஏரிக்கரையில் பைக் ஓட்டிப் பழகும்போது சந்தோஷ் சேற்றில் விழுந்ததை முத்து படம் பிடித்து, பாட்டுப் போட்டு, தினமும் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டிருந்தான். அதை நீக்கச் சொல்லத்தான் சந்தோஷ் அன்று வந்தான். சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் பள்ளி நண்பர்கள்.

அவர்களில் ஒருவன் செல்போனில் எடுத்த வீடியோ பதினோரு வினாடி ஓடும். முத்து சிரித்துக்கொண்டே சந்தோஷின் கன்னத்தில் அறைகிறான். "ஓ..." என்று எல்லோரும் கத்துகிறார்கள். இரண்டாவது அறை. "இன்னாடா வாங்கிக்கினு நிக்கிற, போடு மச்சான்" என்று ஒரு குரல். சந்தோஷ் திரும்புகிறான். திரும்பி வரும்போது கையில் அரிவாள் இருக்கிறது. ஒரே வீச்சு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். முத்து உட்காருகிற மாதிரிக் கீழே போகிறான். அதற்கு மேல் படம் ஆடிவிடுகிறது.

படத்தில் இல்லாததைப் பிறகு போலீஸ் கேட்டு எழுதியது. கத்திய ஐந்து பேரும் ஓடிவிட்டார்கள். சந்தோஷ் ஓடவில்லை. சட்டையைக் கழற்றிக் காயத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, ஷேர் ஆட்டோவை மறித்து ஏற்றினான். மருத்துவமனை வாசலில் முத்துவின் தலை அவன் மடியில்தான் இருந்தது. உயிர் அதற்குள் போயிருந்தது.

முத்துவின் அப்பா தினகரனால் இதைத்தான் தாங்க முடியவில்லை. மகனைக் கொன்றவன் மடியில் மகன் செத்தான். அவர் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு லாரி ஓட்டினார். காவாந்தண்டலத்தில் வீடும் கொஞ்சம் நிலமும் இருந்தன. வயது நாற்பத்து மூன்று. யாரையும் கை நீட்டி அடித்தவர் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அந்த வீடியோவை அவர் லோடு இறக்குமிடத்தில் பார்த்தார், ரயில்வே கேட்டில் நின்றபோது பார்த்தார், சோற்றுத் தட்டுக்கு முன்னால் பார்த்தார். மனைவி தேவி ஒருநாள் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். மறுநாள் வேறு போனில் மறுபடி வாங்கிப் பார்த்தார்.

இளையவன் வரதனுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. அவனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அதை யாரும் கவனிக்கவில்லை.

வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போனது. ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு உறுப்பினர்களும் உட்காருகிற இடம். அரசு வழக்கறிஞர் தினகரனுக்கு விளக்கினார்.

"கொலைங்கறதால, பையன் பதினாறு தாண்டினவன்றதால, மொதல்ல ஒரு கேள்வி வரும். இந்தக் குத்தத்தச் செய்யற அளவுக்கு அவனுக்கு மனசும் ஒடம்பும் பக்குவப்பட்டிருந்துதா, பின்விளைவு புரிஞ்சுதா, எந்தச் சூழ்நிலைல செஞ்சான். அதப் பாத்து, பெரியவன் மாதிரி விசாரிக்கணும்னு குழுமம் முடிவு பண்ணா, குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவாங்க."

"அங்க தூக்கு போடுவாங்களா சார்?"

"மாட்டாங்க. சாகற வரைக்கும் வெளியவே வராத ஆயுளும் கெடையாது. ஆனா ரொம்ப வருஷம் உள்ள இருக்கலாம்."

"இங்கயே வெச்சிக்கினா?"

வழக்கறிஞர் கோப்பை மூடினார். "அதிகபட்சம் மூணு வருஷம். சிறப்பு இல்லத்துல."

தினகரன் எழுந்து வெளியே போனார். லாரியை ஓட்டிக்கொண்டு வாலாஜாபாத் வந்தார். கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் இறைச்சி வெட்டும் கத்திகள் இரண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். நீளமானது பிடியில் ஆடியது. குட்டையானதை எடுத்தார். சாணை பிடிக்கக் கொடுத்து, நின்று வாங்கிக்கொண்டார். மூன்று தரம் குழும அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தார். சந்தோஷை அடைத்து வைத்திருந்த கூர்நோக்கு இல்லத்து வேன் எந்தப் பக்கம் நிற்கிறது, பையனோடு எத்தனை போலீஸ்காரர் வருகிறார்கள், வேனிலிருந்து படிக்கு எத்தனை எட்டு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. போலீஸ்காரர்கள் சீருடையில் வருவதில்லை, பையனுக்கு விலங்கும் போடுவதில்லை. மூன்று வருஷம் என்று சொல்லிவிட்டால் அன்றே முடித்துவிடுவது, பெரிய கோர்ட்டுக்கு அனுப்பினால் பொறுப்பது என்று தீர்மானித்திருந்தார். கத்தியைத் துணியில் சுற்றி மோட்டார் பைக்கின் பக்கப் பெட்டிக்குள் வைத்தார். மூன்று வாரம் அந்தத் தீர்மானத்தோடு சாப்பிட்டார், தூங்கினார், லோடு அடித்தார். முன்னைவிட நிதானமாக இருப்பதாகக்கூடத் தேவிக்குத் தோன்றியது.

ஆகஸ்ட் கடைசியில் விசாரணை. தினகரனின் தரப்பையும் கேட்பதற்காக அவரை உள்ளே அழைத்திருந்தார்கள். அறை சிறியது. மேடை இல்லை, கூண்டு இல்லை, ஒரு நீள மேசைதான், அதன் பின்னால் மாஜிஸ்திரேட் அம்மாவும் இரண்டு உறுப்பினர்களும். சந்தோஷ் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பக்கத்தில் அவன் அம்மா கங்கம்மாள், நடவு வேலைக்குப் போகிறவள், தலையைத் தூக்கவே இல்லை.

பையனைப் பரிசோதித்த உளவியலாளர் ஜெயப்பிரியா அறிக்கையை மேசையில் வைத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். குரல் மெதுவாக இருந்தது.

"ரெண்டு தடவை, தனி அறைல வெச்சுப் பேசினேன் மேடம். அறிவுத்திறன்ல குறை இல்ல. அரிவாளால வெட்டினா என்ன ஆகும்னு கேட்டேன். செத்துப்போவாங்க, போலீஸ் பிடிக்கும், ரெண்டு குடும்பமும் அழிஞ்சிடும்னு சொன்னான். ஒரு பெரியவர்கிட்ட கேட்டாலும் இதே பதில்தான் வரும்."

"அப்ப பின்விளைவு தெரிஞ்சிருக்கு" என்றார் மாஜிஸ்திரேட்.

"அமைதியா உக்காந்து யோசிக்கும்போது தெரியுது. அந்த வயசுல பெரும்பாலும் எல்லாருக்கும் தெரியும். ஆத்திரத்தையும், ஆசையையும், நாலு பேர் முன்னால ஜெயிக்கணும்கற வேகத்தையும் கிளப்பற பகுதிகள் வயசுக்கு வந்ததும் மூளைல ரொம்பச் சுறுசுறுப்பாயிடுது. அதை நிறுத்திப் பிடிக்க வேண்டியது நெத்திக்குப் பின்னால இருக்கற முன்பகுதி. அதுவும், மத்த பகுதிகளோட அதுக்கு இருக்கற இணைப்புகளும் இருபது வயசு தாண்டியும் வளர்ந்துக்கிட்டேதான் இருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி பதினஞ்சு, பதினாறு, பதினேழுல பெருசா இருக்கும். தனியா, நிதானமா இருந்தா அது தெரியாது. கூட்டாளிங்க பாத்துக்கிட்டிருக்கும்போது, உணர்ச்சி ஏறும்போதுதான் தெரியும்."

மாஜிஸ்திரேட் பேனாவை மேசையில் வைத்தார். "எல்லாப் பதினாறு வயசுக்காரனும் வெட்டறதில்லையேம்மா."

"இல்ல மேடம். பெரும்பாலானவங்க வெட்டறதில்ல. இது ஆயிரக்கணக்கான பிள்ளைங்களைப் பாத்துச் சொல்ற பொதுவான விஷயம். இந்தப் பையனோட மூளைல அந்த நொடி என்ன நடந்துச்சுன்னு எந்த ஸ்கேனாலயும் காட்ட முடியாது. அவன் செஞ்சது தப்பில்லன்னும் நான் சொல்லல. சூழ்நிலை எப்படி இருந்ததுன்னு கேட்டீங்க. ஐஞ்சு பேர் கத்தினாங்க, ரெண்டு அடி விழுந்துச்சு, கைக்கெட்டற தூரத்துல அரிவாள் இருந்துச்சு. அவன் கொண்டு வரல. வெட்டின அடுத்த நிமிஷமே காப்பாத்தப் பாத்தான். அறைல எனக்குப் பதில் சொன்ன பையனை வெச்சு அந்த நிமிஷத்து பையனை அளக்க முடியாதுன்னுதான் எழுதியிருக்கேன்."

தினகரன் எழுந்துவிட்டார். "வெட்டுறதுக்கு வயசு வந்துச்சி, ஜெயிலுக்குப் போறதுக்கு வயசு வரலியா? எம் பையனுக்கும் பதினேயு வயசுதாம்மா! அவன் மூள வளரவே இல்ல, மண்ணுக்குள்ள கீது!"

யாரும் அவரை அதட்டவில்லை. மாஜிஸ்திரேட் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடிக்கவில்லை. முடிவை அடுத்த வாரம் சொல்வதாகக் குழுமம் தள்ளிவைத்தது.

முடிவு அடுத்த வாரம்தான் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு தினகரன் வெளியே வந்தார். இன்று இல்லை. இன்னும் ஏழு நாள் பொறுக்கலாம்.

வாசலில் வேப்பமரத்தடியில் வரதன் நின்றிருந்தான். அப்பாவோடு பைக்கில் வந்தவன், பெட்ரோல் அளவைப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கி வைத்திருந்தான். அவன் வகுப்புப் பையன்கள் இருவர் இன்னொரு வண்டியில் பின்னாலேயே வந்திருந்தார்கள். இரண்டு மாதமாகப் பள்ளியில் அவனை அவர்கள் "அண்ணனுக்கு இன்னாடா பண்ண?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் இருப்பது அவனுக்குப் பத்து நாளாகத் தெரியும். எடுக்க வேண்டும் என்று அன்று காலை அவன் நினைத்திருக்கவில்லை. பிறகு அவனே அப்படிச் சொன்னான்.

சந்தோஷைப் படியில் இறக்கினார்கள். சாதாரணச் சட்டையில் புருஷோத்தமன் என்ற காவலர் அவன் முழங்கையைப் பிடித்திருந்தார். கங்கம்மாள் நாலு எட்டு பின்னால் வந்தாள்.

"டேய், அவன்தான்டா. வந்துட்டான்டா" என்றான் ஒருவன். மற்றவன் போனைத் தூக்கினான். "வரதா. இப்ப வுட்டா எப்படா?"

தினகரன் திரும்பியபோது பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. துணி தரையில் இருந்தது. மகன் ஓடிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த முகத்தை அவர் வீடியோவில் பார்த்திருந்தார், வேறொரு பையன் மேல்.

"வரதா!"

அவன் காதில் விழவில்லை. முதல் வெட்டு சந்தோஷின் தோளில் இறங்கியது. சட்டை கிழிந்து சதை வெள்ளையாகத் தெரிந்து, பிறகு சிவந்தது. கங்கம்மாள் அலறினாள். புருஷோத்தமன் பையனைப் பின்னால் இழுத்தார், கால் தடுக்கி இருவரும் படியில் விழுந்தார்கள். சந்தோஷ் மல்லாந்து கிடந்தான். கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வரதன் இரண்டாவது தடவை ஓங்கினான்.

தினகரன் நடுவில் விழுந்தார். யோசித்து விழவில்லை. வலது முன்கையில் கத்தி குறுக்கே இறங்கி எலும்பில் நின்றது. அவருக்குக் கீழே சந்தோஷின் மூச்சு முகத்தில் பட்டது. மூன்று வாரமாக அவர் குத்த நினைத்திருந்த நெஞ்சு அவர் நெஞ்சுக்கு அடியில் படபடவென்று அடித்துக்கொண்டது.

புருஷோத்தமன் எழுந்து வரதனைக் கழுத்தோடு கட்டிப் பிடித்துச் சுவரில் மோதினார். கத்தி விழுந்தது. போன் பிடித்தவன் ஓடினான், கூட வந்தவனும் ஓடினான். வரதன் ஒரு நிமிஷம் திமிறினான். அப்புறம் உடம்பு துவண்டது. அப்பாவின் கையைப் பார்த்தான். படியிலேயே வாந்தி எடுத்தான்.

"நைனா, நா இன்னா பண்ணேன்? நைனா, ரத்தம் வருது நைனா... யாராவது ஆட்டோ கூப்டுங்க, நைனாவுக்கு ரத்தம் வருது..."

ஜெயப்பிரியா தன் துப்பட்டாவைக் கழற்றித் தினகரனின் கையை இறுக்கிக் கட்டினார். சந்தோஷின் தோளை அவன் அம்மா உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். காயம்பட்ட இரண்டு பேரையும் ஒரே வேனில் ஏற்றினார்கள்.

தினகரனுக்கு முன்கையில் இரண்டு தசைநாண்கள் அறுந்திருந்தன. அறுவை முடிந்து வார்டில் கிடந்தபோது முதலில் தேவி வந்தாள். கட்டிலருகில் நின்று கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் அறைந்தாள். கை ஓயும் வரை அறைந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தன பொதைச்சிட்டு வந்து நிக்கறேன். இன்னொருத்தன் கைக்கு எட்டற எடத்துல கத்தி வாங்கி வெச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு அப்பனா? வண்டிலயா வெப்ப? வூட்ல ஒரு புள்ள பித்து புடிச்ச மாதிரி சுத்திக்கினு கீறானே, உனுக்குக் கண்ணு இல்ல?"

அவர் முகத்தைத் திருப்பவில்லை. அடிகளை வாங்கிக்கொண்டார். செவிலியர் வந்து அவளை வெளியே அழைத்துப் போனார்.

மறுநாள் ஜெயப்பிரியா வந்தார். கையில் பை இல்லை, கோப்பு இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வரதன் எங்க கீறான் மேடம்?"

"கூர்நோக்கு இல்லத்துல. நேத்து ராத்திரி சாப்பிடல. இன்னிக்கு காலைல ரெண்டு இட்லி சாப்ட்டானாம்."

"அவனும் அங்கயா?"

"சந்தோஷ் இப்ப ஆஸ்பத்திரில இருக்கான். திரும்ப வந்தா ரெண்டு பேரையும் வேற வேற எடத்துல வைக்கச் சொல்லி எழுதியாச்சு."

தினகரன் கூரையைப் பார்த்தார். "அவன் கொயந்த மேடம். நல்ல பையன். கோயியக்கூட அறுக்க மாட்டான், அந்தாண்ட போயிருவான். அந்தப் பையனுக்கு எழுதனீங்களே, அத்த எம் பையனுக்கும் எழுதுவீங்களா?"

"நான் எழுத முடியாது. நான் நேர்ல பாத்தவ. சாட்சி. வேற ஒருத்தர் அவனைப் பாப்பாங்க. அவனுக்குப் பதினஞ்சுதான். பெரியவன் மாதிரி விசாரிக்கலாமாங்கற கேள்வியே அவனுக்கு வராது. அவங்க என்ன கண்டுபிடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா கேள்வி கேட்டா அவனும் எல்லாத்துக்கும் சரியாத்தான் பதில் சொல்லுவான்."

"முத்து..." என்றார் தினகரன். "மொதல்ல அடிச்சது முத்துதான். நா அத்தனை தடவ பாத்தேன். அத்த மட்டும் பாக்கவே இல்ல. சிரிச்சிக்கினே அடிக்கிறான். அவனுக்கும் கூட்டாளிங்க கத்தறது கேட்டுக்கினு இருந்துருக்கும், இல்ல?"

"கேட்டிருக்கும்."

"அதுக்குன்னு சாவணுமா?"

"இல்ல" என்றார் ஜெயப்பிரியா. "அதுக்குன்னு சாகக் கூடாது."

தினகரன் அழுது முடிக்கும் வரை ஜெயப்பிரியா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கிளம்ப எழுந்தார்.

"மேடம், எனுக்கு நாப்பத்தி மூணு வயசு" என்றார் தினகரன். "எம் மூள வளந்துருச்சி இல்ல? நா கடைல ரெண்டு கத்தி எடுத்து, எது கைல நிக்கும்னு பாத்து வாங்கனேன். வேன் எங்க நிக்கும்னு மூணு தடவ போயி பாத்தேன். மூணு வாரம். எந்நேரம் வேணும்னாலும் வுட்டுருக்கலாம். யாரும் எம் பின்னால நின்னு கத்தல."

ஜெயப்பிரியா கதவருகில் நின்றார். "இதை நீங்க என்கிட்ட சொல்லக் கூடாதுங்க. சொல்லிட்டீங்கன்னா நானும் போலீஸ்ல சொல்லியாகணும்."

"சொல்லத்தான் போறேன். இன்ஸ்பெக்டர வரச் சொல்லுங்க. பையன் கத்திய எங்கியோ திருடுனான், ஒளிச்சி வெச்சான்னு எயுதிருவாங்க. அது என்னுது."

இன்ஸ்பெக்டர் வந்து எழுதினார். தினகரன் ஒன்றையும் மறைக்கவில்லை. இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். காயம் ஆறியதும் கைது செய்தார்கள். பதினெட்டு நாள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தார். வழக்கு நடக்கிறது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க முடியாததால் மில்லில் இப்போது எடை மேடையில் வேலை.

சந்தோஷைப் பெரியவனாக விசாரிக்க வேண்டியதில்லை என்று குழுமம் முடிவு செய்தது. அரசு வழக்கறிஞர், மேல்முறையீடு செய்யலாம், உங்கள் விருப்பம் என்ன என்று போனில் கேட்டார். "எனுக்கு இஷ்டமும் இல்ல, கஷ்டமும் இல்ல சார். நீங்க எத்தனியோ கேஸ் பாத்துருப்பீங்க, நீங்களே பண்ணுங்க" என்றார். அவர் சந்தோஷை மன்னிக்கவில்லை. குழுமத்து நடைவழியில் கங்கம்மாள் எதிரே வந்து கும்பிட்டபோது, "தள்ளிப் போம்மா" என்று மட்டும் சொன்னார். அவளும் தள்ளிப் போனாள். அதன் பிறகு இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், ஆளுக்கு ஒரு முனையில், தங்கள் பையன்களின் பெயரைக் கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

வரதனை ஒரு மாதத்தில் தேவியின் பொறுப்பில் அனுப்பினார்கள். வாரம் ஒருநாள் ஆலோசகரிடம் போக வேண்டும். பள்ளியை வாலாஜாபாத்துக்கு மாற்றினார்கள். ஆலோசகர் அவனுக்குப் பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை. கூட்டம் கூடுகிற இடத்தில் காது சூடாகிறது என்று தெரிந்ததும் அந்த இடத்தை விட்டு நடந்துவிடு, பேச்சு வேண்டாம், கால் போதும் என்றார். அதைத் திரும்பத் திரும்பப் பழக வைத்தார். ஒரு முறை அவன் நடந்தான். ஒரு முறை நடக்காமல் ஒரு பையனின் மூக்கை உடைத்துவிட்டு வந்தான். தேவி மறுபடியும் குழுமத்துக்கு ஓடினாள்.

ஐப்பசியில் ஒரு மாலை, மழை விட்டிருந்தது. அப்பாவும் மகனும் ஆலோசகரிடமிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வரதன் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். ஏரி வந்ததும் கேட்டான்.

"நைனா, அவன் தோளு ஆறிடிச்சா?"

யாருடையது என்று தினகரன் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதுவரை நினைத்ததும் இல்லை. பஸ் நிலையத்தில் இறங்கியதும் மகனைக் கடை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, காவலர் புருஷோத்தமனுக்குப் போன் செய்தார். மடங்காத விரலோடு எண்களை அழுத்த நேரம் பிடித்தது.

திரும்பி வந்தபோது வரதன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தையல் பிரிச்சி ரொம்ப நாளாச்சாம்" என்றார். "கையத் தூக்கறானாம். முழுசாத் தூக்க வரலியாம், பாதி தூக்கறானாம்."

வரதன் தலையாட்டினான். காவாந்தண்டலம் பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள்.